ஜெர்மன் அறிக்கைகளில் அயற்கூற்று: ‘ஸை’யா, ‘லவுட்’டா, ‘ஸோல்’லா?

விபத்து பற்றிய ஜெர்மன் போலீஸ் அறிக்கை ஒன்றை இப்படித் தமிழாக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: “சிக்னலைக் கவனிக்கவில்லை என்று சைக்கிளில் வந்தவர் சொன்னார். வெயிலில் கண் கூசியது. கார் மிக வேகமாக வந்தது. போலீசார் சாலையை மூடினர்.”

கார் வேகமாக வந்தது என்பது யாருடைய கூற்று? தமிழில் படித்தால் போலீசாரே கண்டுபிடித்ததுபோல இருக்கிறது. ஜெர்மன் மூலத்தில் இந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. இரண்டாம் வாக்கியத்தில் வழக்கமான துணைவினை ‘ஹட்’டுக்குப் பதில் ‘ஹாபெ’ வரும், மூன்றாவதில் ‘இஸ்ட்’டுக்குப் பதில் ‘ஸை’ வரும். ‘சொன்னார்’ என்று மறுபடி எழுதாமலே, சைக்கிள்காரர்தான் இன்னும் பேசுகிறார் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். சாலையை மூடிய வாக்கியத்தில் வினை சாதாரண வடிவத்துக்குத் திரும்புகிறது. அவர் வாக்குமூலம் அங்கே முடிந்தது, இனி எழுதியவரே பொறுப்பு.

இந்த வினைவடிவத்துக்கு ‘கொன்யுங்க்டிவ் 1’ என்று பெயர். பேச்சில் இதை அதிகம் கேட்க முடியாது. செய்தியிலும் அலுவலக அறிக்கையிலும்தான் இதற்கு உயிர் இருக்கிறது. இதற்குப் போட்டியாக மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி ‘லவுட்’, அதாவது ‘போலீஸ் தகவல்படி’. இதோடு சாதாரண வினை வந்தால் போதும். ஒரே வாக்கியச் செய்திக்கு இதைவிட எளிது இல்லை. ஆனால் அடுத்த வாக்கியத்துக்கு இதன் நிழல் நீளாது. அங்கே மறுபடி ‘லவுட்’ போட வேண்டும், ஐந்து வாக்கியம் போனால் படிக்கவே சலிப்பாகிவிடும். ‘லவுட்’டையும் ‘ஸை’யையும் ஒரே வாக்கியத்தில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரே வேலையை இரண்டு முறை செய்வது, பிழையாகவே கருதப்படுகிறது.

இரண்டாவது ‘ஸோல்’. ஒருவர் பணத்தைக் கையாடியதாகக் ‘கூறப்படுகிறது’ என்று நாம் எழுதுவோமே, அதேதான். சொன்னவர் யார் என்பதை இது மறைத்துவிடும். அதனால் சொன்னவர் யார் என்று தெரிந்திருக்கும் இடத்தில் இதைப் போடுவது எனக்கு உடன்பாடில்லை. இன்னொரு சிக்கல், ‘செய்ய வேண்டும்’ என்பதற்கும் இதே சொல்தான்.

மூன்றாவது வழியில்தான் உண்மையான ஆபத்து. ‘ஸை’ வரவேண்டிய இடத்தில் ‘வேரெ’, ‘ஹாபெ’ வரவேண்டிய இடத்தில் ‘ஹெட்டெ’ என்று, நடக்காததைக் கற்பனையாகச் சொல்லும் வினைவடிவமான கொன்யுங்க்டிவ் 2 போடுவது. இதற்கு முறையான இடம் ஒன்று உண்டு. பன்மையில் ‘ஹாபன்’ என்பது சாதாரண வடிவத்திலும் கொன்யுங்க்டிவ் 1 வடிவத்திலும் ஒன்றுபோலவே இருப்பதால் வேறுபாடு தெரியாது, அங்கே ‘ஹெட்டன்’ என்று மாற்றியே ஆகவேண்டும். ‘ஸை’க்கு அந்தத் தேவை இல்லை, அதன் பன்மை ‘ஸையன்’ தனித்தே நிற்கும். தேவையில்லாத இடத்தில் ‘வேரெ’ போட்டால், எழுதியவர் அந்தப் பேச்சை நம்பவில்லையோ என்ற சாயல் ஏறிவிடும். ‘ஸை’ நம்பவும் இல்லை, சந்தேகிக்கவும் இல்லை, ‘அவர் சொன்னது இது’ என்று மட்டும் சொல்கிறது.

இதன் பலன் முழுதாகத் தெரிவது ஜெர்மன் சிவில் தீர்ப்பில். வழக்கின் விவரங்களைச் சொல்லும் பகுதிக்கு ‘டாட்பெஷ்டான்ட்’ என்று பெயர். இரு தரப்பும் ஒப்புக்கொண்டவற்றை நீதிபதி அங்கே சாதாரண இறந்தகாலத்தில் எழுதுவார்: இரண்டு கார்களும் சந்திப்பில் மோதின. தகராறில் உள்ளது வந்ததும் வடிவம் மாறும்: பிரதிவாதி சிவப்பு விளக்கில் நுழைந்ததாக வாதி கூறுகிறார், அங்கே ‘ஸை’. அதைத் தொடரும் வாதங்களும் அதே வடிவத்தில் போகும். எது ஒப்புக்கொள்ளப்பட்டது, எது நிரூபிக்கப்பட வேண்டியது என்பதை வினையைப் பார்த்தே பிரித்துவிடலாம். அங்கே ஒரு ‘ஸை’ தவறி ‘இஸ்ட்’ ஆனால், தகராறில் இருக்கும் விஷயம் ஒப்புக்கொண்ட உண்மைபோல ஆகிவிடும்.

ஆகவே ஒற்றை வாக்கியத் துணுக்குக்கு ‘லவுட்’, சொன்னவர் பெயர் கிடைக்காத தகவலுக்கு ‘ஸோல்’, இரண்டு வாக்கியத்தைத் தாண்டும் எந்தக் கூற்றுக்கும் ‘ஸை’, ‘ஹாபெ’ என்பது என் தேர்வு.

இதைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ‘வந்ததாம்’, ‘கூசியதாம்’ என்று எழுதக் கை போகும். அமைப்பில் மிக நெருக்கமான உறவு அதுதான், ஒவ்வொரு வாக்கியத்தின் வினையிலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் நம் ‘ஆம்’மில் ஊர்ப்பேச்சின் வாசனை இருக்கிறது, சில நேரம் ஏளனமும் கேட்கும். வாக்குமூலத்தில் அதை வைக்க முடியாது. நான் வாக்கியங்களை இணைத்துவிடுவேன்: “வெயிலில் கண் கூசியதால் சிக்னலைக் கவனிக்கவில்லை என்றும், கார் மிக வேகமாக வந்தது என்றும் அவர் கூறினார். போலீசார் சாலையை மூடினர்.” நான்கு வாக்கியம் இரண்டாகிவிட்டது, ஆனால் காரின் வேகம் அவர் கூற்றாகவே நின்றுவிட்டது.