தொங்கும் ஸ்லைடிங் கதவு: தரைக்கு நீளச் சேனலா, குட்டிக் கைடா?

மேலே ட்ராக்கில் தொங்கும் கதவுக்குப் பாரம் முழுக்க ரோலர் மேல்தான். தரையில் நாம் வைப்பது எதுவும் கதவைத் தாங்காது, அடிப்பக்கம் ஆடாமல் பிடிக்க மட்டுமே உதவும். அதற்கு நம் பக்கம் இரண்டு வழிகளைத்தான் அதிகம் பார்க்கலாம். ஒன்று, தரையை வெட்டிக் கதவு ஓடும் தூரம் முழுக்கப் பதிக்கும் அலுமினியச் சேனல். இன்னொன்று, கதவின் அடி விளிம்பில் காடி என்னும் நீளப் பள்ளம் எடுத்து, அதற்குள் நாக்கு நுழையும்படி நிலைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைக்கும் நைலான் கைடு. வீட்டுக்குள் போடும் கதவுக்கு என் ஓட்டு குட்டிக் கைடுக்கே.

விலையோ தோற்றமோ காரணமில்லை. சேனலைச் சுத்தம் செய்வதுதான் பெரிய தலைவலி. தண்ணீர் ஊற்றித் தரை கழுவும் வீட்டில் அந்தக் குழிக்குள் மணலும் முடியும் சேரும். திருப்பூர்ப் பக்கம் பஞ்சுத் தூசி, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நாரின் தூளும் கூடச் சேரும். ஈரத்தோடு கெட்டியாகிவிட்டால் துடைப்பம் எடுக்காது, ஸ்க்ரூ டிரைவரால் சுரண்ட வேண்டும். சுரண்டாமல் விட்டால் கதவின் அடியிலிருந்து சேனலுக்குள் இறங்கும் ஆணி அதில் முட்டி நிற்கும். தள்ளுகிறவர் பலமாகத் தள்ளுவார், மேலே ரோலர் வாங்கும் அடி அதிகமாகும். ரோலர் போய்விட்டது என்று மாற்றும் கதவுகளில் சிலவற்றுக்கு நோய் கீழேதான் இருக்கும். காடியோ கீழ்நோக்கித் திறந்திருப்பதால் அதில் எதுவும் தங்காது. கைடைச் சுற்றி ஈரத்துணியால் ஒரு துடை போதும்.

ஆனால் குட்டிக் கைடு வைக்கும் இடம் தப்பினால் வேலை முழுக்க வீண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாசல் அகலம் 900 மி.மீ., கதவு 1000 மி.மீ. மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் 50 மி.மீ. சுவர்மேல் ஏறி நிற்கும். முழுக்கத் திறந்தால் கதவின் முன் விளிம்பு நிலையின் ஓரத்தோடு நிற்கும். மூடினாலும் திறந்தாலும் கதவு மறைக்கும் பொதுவான இடம் கதவு ஒதுங்கும் பக்கத்தில் அந்த 50 மி.மீ. மட்டுமே. 40 மி.மீ. நீளக் கைடை நிலை ஓரத்திலிருந்து 5 மி.மீ. தள்ளி வைத்தால் அதற்குள் அடங்கும்.

அதனால் கைடும், கதவை ட்ராக்கில் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பரும் ஒரே கணக்கு. ட்ராக்கினுள் ஸ்டாப்பர் 50 மி.மீ. நழுவினால் கதவு கைடை விட்டு வெளியே வந்துவிடும். திரும்ப மூடும்போது அடி விளிம்பு கைடின் தலையில் மோதும். கைடு உடைந்து கிடந்தால் முதலில் ஸ்டாப்பரின் ஆலன் ஸ்க்ரூவைப் பாருங்கள். இழுக்கும் கைப்பிடி இருக்கும் கதவு என்றால் முன் விளிம்பு 80 மி.மீ. வாசலுக்குள்ளேயே நிற்கும்படி ஸ்டாப்பரை வையுங்கள். விரலும் நசுங்காது, கைடுக்கும் பிடி கூடும், வழி மட்டும் கொஞ்சம் குறுகும். ட்ராக்கை முடுக்குவதற்கு முன்பே ஸ்டாப்பர், ரோலர், ரோலர், ஸ்டாப்பர் என்ற வரிசையில் உள்ளே விட வேண்டும். ஒன்று விட்டுப்போனால், முனை சுவரை ஒட்டியிருந்தால், ட்ராக்கையே கழற்ற வேண்டி வரும்.

காடியின் அகலம் கைடின் நாக்கைவிட மொத்தம் 1 மி.மீ. அதிகம் இருந்தால் போதும். 3 மி.மீ. விட்டால், ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் ராத்திரியெல்லாம் கதவு டக் டக்கென்று அடிக்கும். மிக இறுக்கினாலோ ஐப்பசி மழையில் மரம் ஊதிப் பிடித்துக்கொள்ளும். காடிக்குள்ளும் வார்னிஷ் பூசச் சொல்லுங்கள், ஆசாரிகள் பெரும்பாலும் விடுவது அந்த இடம்தான். கதவுக்கும் தரைக்கும் 8 முதல் 10 மி.மீ. இடைவெளி. கதவு ஓடும் பாதையிலேயே மேடான இடத்திலிருந்து அதை அளக்க வேண்டும், நிலை ஓரத்தில் மட்டும் அளந்தால் நடுவில் உரசும்.

டைல்ஸில் ஓட்டை போடும்போது மேல் பளபளப்பு தாண்டும்வரை டிரில் மெஷினின் ஹேமரை ஆஃப் செய்தே ஓட்டுங்கள், இல்லையென்றால் விரிசல் விடும். தரையில் கை வைக்கவே பயமாக இருந்தால் சுவரில் மாட்டும் ரோலர் கைடு மூன்றாவது வழி. கதவை இரண்டு பக்கமும் ரோலர் பிடிப்பதால் காடி வேண்டாம், ஏற்கெனவே செய்து வைத்திருக்கும் கதவுக்கு வசதி. லேமினேட்டில் கோடு விழுவதுண்டு. நாலைந்து வருஷம் தாண்டி எப்படி ஓடும் என்பதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சேனலை நான் ஒப்புக்கொள்ளும் இடமும் உண்டு: குடோனிலும் ஷெட்டிலும் அகலமான தகரக் கதவு. காற்று நேராக அடிக்கும் அந்தக் கதவை ஒரே ஒரு கைடு தாங்காது. அங்கேயும் சேனலின் அடியில் அரை அடிக்கு ஓர் ஓட்டை விட்டுத் தண்ணீர் வெளியேற வழி செய்தால்தான் சுரண்டும் வேலை குறையும்.