கடைக்கு பில் மென்பொருள் வாங்குகிறவர்கள் கவனிக்க: ஒரே நிரலில் இரண்டு விலை

யாழ்ப்பாணத்தில் அப்பா தொடங்கிய ஹார்ட்வெயார் கடை எங்களுடையது. கணக்கு என் பொறுப்பு. காலாண்டு விற்பனை ஒன்றரைக் கோடியைத் தாண்டியதால் வற் பதிவுக்குள் வந்தோம். அதற்கென்றே புதிதாக ஒரு பில் மென்பொருள் வாங்கினோம். "வற் அறிக்கை தானா வரும் அக்கா, நீங்கள் பார்த்து நிரப்பினால் சரி" என்று சொல்லித்தான் விற்றார்கள். அதை நம்பி நான் பட்ட பாட்டை மற்றக் கடைக்காரர்களும் அறிய வேண்டும்.

எங்களிடம் விலை இரண்டு விதமாகச் சொல்லப்படும். வீட்டுக்கு ஒரு குழாய் வாங்க வருகிறவருக்கு வரியும் சேர்த்து 1,180 ரூபா. வற் இலக்கம் உள்ள கொந்தராத்துக்காரருக்கு 1,000 ரூபா, அதற்கு மேல் 18 வீத வரியைத் தனியாகக் காட்டி வரி விலைப்பட்டியல் கொடுப்போம். பில் போடும் திரையில் 'வரி சேர்த்தது' என்று ஒரு பெட்டி இருந்தது. பெடியன் அதில் சரி போட்டால் ஒரு விதமாகவும், போடாவிட்டால் மற்ற விதமாகவும் பில் வரும். கையில் வரும் பில்லில் ஒரு பிழையும் இல்லை. அதனால்தான் இவ்வளவு நாளாகப் பிடிபடவில்லை.

பிழை உள்ளே இருந்தது. அந்தச் சரி அச்சடிக்க மட்டுமே பயன்பட்டது, எங்கும் சேமிக்கப்படவில்லை. 1,180உம் 1,000உம் `Amount` என்ற ஒரே நிரலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அறிக்கை அந்த நிரலை அப்படியே கூட்டி, 18 வீதத்தால் பெருக்கிவிட்டது.

ஒரு காலாண்டை வட்ட எண்ணில் சொல்கிறேன். சில்லறை விற்பனை வரியோடு 1 கோடியே 18 லட்சம். கொந்தராத்துக்காரருக்கு வரி இல்லாமல் 60 லட்சம். நிரலின் கூட்டு 1 கோடியே 78 லட்சம், அதற்கு வரி 32 லட்சத்து 4,000 என்று அறிக்கை சொன்னது. அதையே படிவத்தில் நிரப்பிக் கட்டினோம். உண்மையில் சில்லறையில் அடங்கிய வரி 18 லட்சம், மற்றதில் 10 லட்சத்து 80,000. மொத்தம் 28 லட்சத்து 80,000தான். வரிக்கு மேல் வரியாக 3 லட்சத்து 24,000 ரூபா எங்கள் கையிலிருந்து போயிருக்கிறது.

கண்டுபிடித்தவர் எங்கள் கணக்காளர். பில்களின் அடித்தொகையைக் கூட்டினால் 1 கோடியே 88 லட்சத்து 80,000. கல்லாவும் வங்கியும் அதையே சொல்லின. படிவத்தில் விற்பனையையும் வரியையும் கூட்டினால் 2 கோடியே 10 லட்சத்து 4,000. "தங்கச்சி, விக்காத சாமானுக்கு வரி கட்டியிருக்கிறியள்" என்றார்.

விற்றவர்களிடம் போனேன். மறுநாளே "திருத்தியாச்சு" என்றார்கள். இப்போது வரி 27 லட்சத்து 15,254 என்று வந்தது. தொகை குறைந்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் செய்தது, முழு நிரலையும் வரி சேர்ந்ததாக எடுத்து 118ஆல் வகுத்து 18ஆல் பெருக்கியது மட்டும். இந்த முறை கொந்தராத்து விற்பனையின் வரி 1 லட்சத்து 64,746 ரூபாவால் குறைந்து போனது. அதிகம் கட்டினால் நட்டம் எங்களோடு நிற்கும். குறைத்துக் கட்டினால் தண்டமும் வட்டியும் வரும், பதில் சொல்ல வேண்டியது நாங்கள்தான். நிரலைப் பிரித்துத் தரச் சொன்னதற்கு, அது தனி வேலை, தனிக் காசு என்றார்கள். இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

கலந்து கிடக்கிற நிரலை எந்தச் சூத்திரத்தாலும் திருத்த முடியாது. எது எந்த விலை என்பது ஒவ்வொரு வரிசையிலும் தெரிய வேண்டும். விலையைப் பார்த்துப் பிரிக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஒரே குழாய் 1,000இலும் 1,180இலும் கும்பலாக நிற்கும். ஆனால் தெரிந்தவருக்குக் கழிவு கொடுத்து 1,100க்கு விற்றதும் இருக்கிறதே, அது எந்தப் பக்கம்? கடைசியில் வரி விலைப்பட்டியல்களின் பிரதிகளை எடுத்து, வாங்கியவரின் வற் இலக்கத்தையும் தனியாகக் காட்டிய வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்தோம். இலக்கம் இருந்தும் வரி சேர்த்த விலை போட்ட பில்கள் சிலவும் அகப்பட்டன. பெடியன் பெட்டியை மாற்றி அழுத்தியிருக்கிறான். அவற்றை வாங்கிய காசோடு ஒப்பிட்டுத்தான் தீர்த்தோம். மூன்று கிழமை போனது.

வாங்க முதல் அவர்கள் முன்னாலேயே இரண்டு பில் போட்டுப் பாருங்கள். ஒன்று வரி சேர்த்து 11,800, மற்றது வரி சேர்க்காமல் 10,000. பிறகு அறிக்கையை எடுக்கச் சொல்லுங்கள். விற்பனை 20,000, வரி 3,600, மொத்தம் 23,600 என்று மூன்றும் தனித்தனி நிரலில் வர வேண்டும். வரி 3,924 என்றோ 3,325 என்றோ வந்தால் காசைக் கொடுக்காதீர்கள்.