Priority, Due: எந்த வேலையை முதலில் திறப்பது?

சேலத்தில் யூ.பி.எஸ்., இன்வெர்ட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். காலையில் எங்கள் கம்பெனி ஆப்பைத் திறந்தால் என் பெயரில் போட்ட வேலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் P1 முதல் P4 வரை ஒரு முன்னுரிமை, P1-தான் மிக அவசரம்; கூடவே ஒரு Due நேரம். ஆப் தானாக அடுக்குவது முன்னுரிமையை வைத்து. பல வருஷமாக ஓட்டிய பிறகு சொல்கிறேன், அந்த வரிசைப்படியே போனால் நாள் கெட்டுவிடும்.

Due என்பது வேலை முடிந்திருக்க வேண்டிய நேரம். அதிலிருந்து பயணத்தையும் வேலைக்கான நேரத்தையும் கழித்தால், எப்போது கிளம்பியே ஆக வேண்டும் என்பது வரும். நான் பார்ப்பது அதைத்தான்.

காலை 10 மணி என்று வையுங்கள். ஏற்காட்டில் ஒரு விடுதிக்கு P2, Due 2:00. ஃபேர்லேண்ட்ஸ் கிளினிக்குக்கு P3, Due 11:30. மலைக்கு ஒரு மணி நேரம், அங்கே வேலை ஒன்றரை மணி நேரம். ஆக 11:30-க்குள் வண்டியை எடுத்தால் போதும். கிளினிக்குக்குக் கால் மணி, வேலை முக்கால் மணி, 11 மணிக்கு முடியும். அதனால் P3-தான் முதலில். ஏற்காட்டு Due 1:00 என்றிருந்தால் கதையே வேறு. 10:30-க்குக் கிளம்பியாக வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். அப்போதுதான் முன்னுரிமை பேச வேண்டும்: P2-வைத் திறந்துவிட்டு, கிளினிக்கை வேறு ஆளுக்கு மாற்றச் சொல்லி உடனே ஆபீசுக்குப் போன்.

Due-வை நம்புவதற்கு முன் அது எந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். எங்களிடம் P1-க்கு இரவு, ஞாயிறு எல்லாம் கணக்கு உண்டு. P3-க்கு எட்டு மணி நேரம், ஆனால் ஆபீஸ் நேரம் மட்டும், அதாவது காலை 9 முதல் மாலை 6 வரை. சனிக்கிழமை மாலை 5-க்குப் பதிவானால் அன்றைக்கு ஒரு மணி நேரம் போகும், மீதி ஏழும் திங்கள் மாலை 4-க்கு முடியும். பட்டியலில் வெறும் 'திங்கள்' என்றுதான் தெரியும், மணி பார்க்க உள்ளே போக வேண்டும். இது எனக்குப் பெரிய எரிச்சல்.

உதிரி பாகத்துக்காக நிறுத்தி வைத்த வேலையில் கடிகாரமும் நிற்கும். பாகம் வந்ததும் மறுபடி ஓடும், Due-வும் நின்ற நேரத்துக்கு ஏற்பத் தள்ளிப்போகும். காலையில் பார்த்த நேரம் மதியம் அதே நேரமாக இருக்காது. அதனால் மலை ஏறுமுன் அடிவாரத்தில் ஒருமுறை பட்டியலைப் புதுப்பித்துக்கொள்வேன், கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னலை நம்ப முடியாது.

அப்புறம், ஏற்கெனவே தவறிப்போன சிவப்பு வேலைகள். அவை பட்டியலில் நின்று பயமுறுத்தும். தவறிய P4-க்காக, இன்னும் நேரம் இருக்கிற P2-வையும் தவற விடுவதில்லை. அந்த வாடிக்கையாளரிடம் புது நேரம் பேசி, குறிப்பில் எழுதிவிட்டு அடுத்ததைத் திறப்பேன்.