காய்ந்த தரையைக் காட்டிய விளம்பரம்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

இந்தத் தரை துடைக்கும் திரவத்தை அதன் விளம்பரத்தில் வந்த ஒரு காட்சிக்காகத்தான் வாங்கினேன். துடைத்து முடித்த பிறகும் கேமரா நகரவில்லை. ஈரம் காயும்வரை காத்திருந்து, காய்ந்த தரையைத்தான் காட்டினார்கள். அரை வாளித் தண்ணீருக்கு 1 மூடி என்று அளவும் போட்டிருந்தார்கள். டைல்ஸில் இருந்த ஒரு பழைய கீறல் கடைசிவரை அப்படியே தெரிந்தது.

ஈரமாக இருந்தால் எந்தத் தரையும் பளபளக்கும். தேய்ந்த டைல்ஸில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் ஒளியைச் சிதறடிக்கும். தண்ணீர் அவற்றை நிரப்பிச் சமமாக்கிவிடுவதால் பளபளப்பு வந்துவிடுகிறது. அதற்கு வெறும் தண்ணீரே போதும். அதனால்தான் ஈரத் தரையோடு முடியும் விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

முதல் இரண்டு மாதம் விளம்பரத்தில் பார்த்தபடியே இருந்தது. மூன்றாவது மாதம் தரை மங்கியது, காலடித் தடம் விழுந்தது, பாதத்தில் லேசாகப் பிசுபிசுத்தது. திரவத்தின் மேல்தான் முதலில் சந்தேகம் வந்தது. அப்புறம் ஒரு டைலை மட்டும் வெதுவெதுப்பான நீரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்தேன். துணியில் நுரை வந்தது, அந்த டைல் மட்டும் பக்கத்து டைல்களைவிடத் தெளிவாக இருந்தது. மூடியால் அளக்காமல் கைப்போக்கில் ஊற்றி வந்திருக்கிறேன். எப்படியும் மூன்று மூடி இருக்கும். தண்ணீர் ஆவியானாலும் மிஞ்சிய சோப்புப் பொருள் படலமாகத் தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு முறை வெறும் நீரால் துடைத்தேன். மறுபடி 1 மூடிக்கு வந்தேன். அதன்பின் அந்தப் பிரச்சினை இல்லை.

அன்றாட அழுக்கும் சிந்திய தேநீரும் ஒரே துடைப்பில் போகின்றன. டைல்ஸ் இடுக்கில் ஊறிய கறுப்பு போகவில்லை, அதற்குப் பிரஷ்தான் வேண்டும். குளியலறை வாசலில் உள்ள பளிங்குக் கல்லில் எப்போதோ அமிலத் திரவம் சிந்திய வெண்தடமும் அப்படியே இருக்கிறது. அது அழுக்கே இல்லை, கல்லின் மேற்பரப்பையே அமிலம் அரித்த இடம். மறுபடி மெருகேற்றினால்தான் சரியாகும். விளம்பரமும் இவை போகும் என்று சொல்லவில்லை.

அதே நிறுவனத்தின் துணி சோப்புத் தூளையும் வாங்கினேன். துணி நன்றாகவே வெளுக்கிறது, துவைத்த வாசனையும் காய்ந்த பிறகு மிதமாக நிற்கிறது. ஆனால் அதன் விளம்பரத்தில் வெள்ளைச் சட்டையை வெயிலில் மட்டுமே காட்டுகிறார்கள். தூளில் உள்ள வெண்மையூட்டி, வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகிறது. வீட்டு எல்இடி விளக்கில் அந்தக் கதிர் அநேகமாக இல்லை. அதனால் கொடியில் கண்ணைப் பறித்த சட்டை அறைக்குள் சாதாரண வெள்ளையாகத்தான் இருந்தது. காலரில் பழைய மஞ்சள் குறைந்தது, முழுக்கப் போகவில்லை. தரைக்குக் காட்டிய நேர்மையோடு, அந்தச் சட்டையை ஒரு முறை வீட்டுக்குள்ளும் காட்டியிருக்கலாம்.