ஆசிட் ஒரு பக்கம், ப்ளீச் ஒரு பக்கம்: நங்கநல்லூர் வீட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பிக்கு

தம்பி, சனிக்கிழமை பாத்ரூம் கழுவும் முறை இனி உனக்கும் வரும். அதற்கு முன்னால் இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடு. இந்த வீட்டில் சில வருடமாக எல்லா வகை க்ளீனரும் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. எது எந்த இடத்துக்குச் சரி, எது எதோடு சேரவே கூடாது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நம் வீட்டின் முதல் பிரச்சினை அழுக்கு இல்லை, தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. குழாய் முனையில், பக்கெட்டின் உள்பக்கம், டைல்ஸில் தண்ணீர் வழியும் தடத்தில் எல்லாம் வெள்ளையாகப் படிந்திருப்பது சுண்ணாம்புச் சத்து. நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பாக இருக்கும், பொடியாக உதிரும். இதைக் கரைக்க ஆசிட் தன்மை உள்ள ஒன்று வேண்டும். சோப்போ ப்ளீச்சோ எவ்வளவு ஊற்றினாலும் கரையாது.

டைல்ஸ் இடுக்கில், வெண்டிலேட்டர் ஓரத்தில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக வருவது வேறு. அது பூஞ்சை. அதற்கு ப்ளீச் வேலை செய்யும், ஆசிட் அவ்வளவாக உதவாது. அடுப்புக்குப் பின்னால் இருக்கும் பிசுக்கு மூன்றாவது ரகம். அதற்குப் பாத்திரம் கழுவும் லிக்விடும் வெந்நீரும் போதும்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. வீடுகளில் ஆசிட்டும் ப்ளீச்சும் கலந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான்: கறைக்குப் பொருந்தாத ஒன்றை ஊற்றுகிறோம், கறை போகவில்லை, உடனே அதன் மேலேயே கையில் கிடைத்த இன்னொன்றையும் ஊற்றுகிறோம். கறை என்னவென்று தெரிந்தால் இரண்டாவது பாட்டிலைத் திறக்கவே தேவை வராது.

கீழ் வீட்டில் போன மழைக்காலத்தில் நடந்தது இதேதான். பாத்ரூம் தரையில் உப்புக் கறை என்று அந்த அக்கா முதலில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார். தரை வெளுத்ததே தவிர உப்பு அப்படியே இருந்தது. கழுவிவிடாமல், அந்த ஈரத்தின் மேலேயே வண்டிக்காரரிடம் வாங்கிய ஆசிட்டை ஊற்றிவிட்டார். சில நொடிகளில் நுரைத்து, நீச்சல் குளத்தில் வருமே அந்த வாடை, பல மடங்கு காட்டமாகக் கிளம்பியது. கண் எரிச்சல், தொண்டை அடைப்பு, நிற்காத இருமல். கதவு திறந்திருந்ததால் வெளியே வந்துவிட்டார்.

அங்கே கிளம்பியது குளோரின் வாயு. ப்ளீச்சில் இருக்கும் குளோரினை ஆசிட் வாயுவாக வெளியே தள்ளிவிடுகிறது. காற்றைவிட அது சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். பாத்ரூம் கழுவுகிறவர் குனிந்தோ குத்துக்காலிட்டோதான் வேலை செய்வார், அவர் மூச்சு விடும் உயரத்திலேயே அது நிற்கும். நம் வெண்டிலேட்டரோ கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

அடுத்து அந்த வீட்டுப் பையன் செய்யப் போனதுதான் எனக்கு இன்னும் கவலை தருகிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று பக்கெட்டோடு உள்ளே ஓடப் பார்த்தான். சத்தம் கேட்டு இறங்கிப் போன நாங்கள் தடுத்து நிறுத்தினோம். வாடை வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு வெளியே வருவது. ஹால் ஜன்னல், வாசல் கதவு இரண்டையும் திறந்துவிட வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருந்தால் போடலாம், அதற்காக உள்ளே போகக் கூடாது. கண்ணில் எரிச்சல் இருந்தால் வேறு இடத்துக் குழாயில் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். வாடை முழுக்கப் போன பிறகுதான் மற்ற வேலை.

அந்த அக்காவுக்கு இருமல் ராத்திரியும் அடங்கவில்லை, டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். குளோரின் நுரையீரலில் செய்யும் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரிய வரலாம். அதனால் வெளியே வந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதே. மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுகினாலோ 108-ஐக் கூப்பிடு.

இப்போது நம் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். பாத்ரூமுக்கு வெளியே இருக்கும் ஷெல்ஃபில் ஆசிட் வகை மட்டும் இருக்கும். நீல நிற ஹார்ப்பிக், அதில் இருப்பது பத்து சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட். பக்கத்தில் எலுமிச்சை உப்பு டப்பா, வினிகர். ப்ளீச் பாட்டில் பால்கனி அலமாரியில் தனியாக, வெயில் படாத கீழ்த் தட்டில் இருக்கும். ப்ளீச்சுக்கு என்று சிவப்பு மக், தனி பிரஷ். அதை வேறு எதற்கும் எடுக்காதே. டாய்லெட் பிரஷ் ஸ்டாண்டின் அடியில் எப்போதும் கொஞ்சம் ஆசிட் தண்ணீர் தேங்கியிருக்கும், அந்தப் பிரஷை ப்ளீச்சில் முக்கினாலும் கலந்தது கலந்ததுதான்.

புதிதாக எதையாவது வாங்கினால் முன்பக்கத்துப் பெயரை நம்பாமல் பின்பக்கத்தைப் படி. ஒரே கம்பெனிப் பெயரில் ஆசிட் வகையும் வரும், ப்ளீச் வகையும் வரும், பாட்டில் வடிவமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பின்னால் சோடியம் ஹைப்போகுளோரைட் என்று இருந்தால் பால்கனிக்கு. ஏதாவது ஆசிட் பெயர் இருந்தால் இந்த ஷெல்ஃபுக்கு. தெருவில் வண்டியில் பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றித் தரும் ஆசிட், பினாயில் எதையும் இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே. விலை குறைவுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு காட்டம் என்று யாருக்கும் தெரியாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

சனிக்கிழமை வேலை இப்படி. டாய்லெட்டில் விளிம்புக்கு அடியில் ஹார்ப்பிக்கைச் சுற்றி விட்டு இருபது நிமிடம் விடு. பிரஷால் தேய்த்து இரண்டு தடவை ஃப்ளஷ் செய். குழாய், ஷவருக்கு ஹார்ப்பிக் கூடவே கூடாது, பளபளப்புப் பூச்சை அரித்துவிடும். அதற்குத்தான் எலுமிச்சை உப்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, துணியை நனைத்துக் குழாயில் சுற்றி கால் மணி நேரம் வைத்து, துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு. நான் பயன்படுத்தியதிலேயே மனதார சிபாரிசு செய்வது இதைத்தான். மளிகைக் கடையிலேயே கிடைக்கும், மூக்கை எரிக்காது, ஒரு பாக்கெட் பல மாதம் வரும். பொறுமை மட்டும் வேண்டும், தடித்த உப்புக்கு இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து செய்தால்தான் பலன் தெரியும்.

அன்றைக்கு ப்ளீச் கிடையாது. பூஞ்சைக்கு ப்ளீச் போடுவது புதன்கிழமை. ஒரு பங்கு ப்ளீச்சுக்குப் பத்துப் பங்கு குளிர்ந்த தண்ணீர், பத்து நிமிடம் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், கதவும் வெண்டிலேட்டரும் திறந்திருக்க வேண்டும். டாய்லெட்டில் ப்ளீச் விடுவதாக இருந்தால் முதலில் ஃப்ளஷ் செய்துவிடு. சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தாலும் மூச்சை முட்டும் வாயு வரும், அது குளோரமைன். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே சிலவற்றிலும் அம்மோனியா உண்டு. கை சானிடைசர், வினிகர், எலுமிச்சைச் சாறு இவையும் ப்ளீச்சோடு சேரக் கூடாது. சுருக்கமாக, ப்ளீச்சோடு தண்ணீர் மட்டும்.

சிங்க் அடைப்புக்கு விற்கும் பொடி காஸ்டிக் சோடா. அதைப் போட்ட குழாயில் ஆசிட் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பொடி வேலை செய்யவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடு. அவர் திறப்பதற்கு முன்னால் உள்ளே என்ன போட்டோம் என்று அவரிடம் சொல்லிவிடு. வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்தால் ஆபத்து இல்லை, ஆனால் ஒன்றையொன்று முறித்துவிடும். நுரை வருவதைப் பார்த்து அழுக்கு போகிறது என்று நினைக்க வேண்டாம்.

பாத்ரூமைத் தாண்டி வந்தால், ஹால் தரை பழைய மொசைக். சிமெண்டும் மார்பிள் சில்லும் சேர்ந்தது, ஆசிட் பட்டால் பொங்கி அந்த இடம் மங்கிவிடும், திரும்பப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. சமையலறை ஷெல்ஃப் கடப்பா கல்லுக்கும் இதே கதி. எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தாலே வெளிறிய வட்டம் விழும். எந்தக் கல் என்று சந்தேகம் வந்தால் கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் பார், பொங்கினாலோ மங்கினாலோ அங்கே ஆசிட் ஆகாது. இந்த இரண்டுக்கும் ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி லைசால் போதும். சமைக்கும் கிரானைட் மேடைக்குப் பாத்திர லிக்விட்.

எவர்சில்வர் சிங்க்கில் ப்ளீச்சும் வேண்டாம், ஹார்ப்பிக்கும் வேண்டாம். இரண்டும் பொடிப்பொடிக் குழியாக அரிக்கும், அந்தக் குழியில் பிறகு துரு வரும். பக்கெட்டில் பழுப்பாக இருப்பது தண்ணீரில் வரும் இரும்புக் கறை. ப்ளீச் போட்டால் இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும், எலுமிச்சை உப்பில் ஊறவைத்தால் விடும். வெள்ளைச் சட்டைக்கும் இதுவே பொருந்தும்.

வாரம் ஒருமுறை வரும் அக்காவிடம் இதையெல்லாம் வாயால் சொல்லியிருக்கிறேன். அவர் வேறு வீடுகளில் வேறு பழக்கத்தில் செய்கிறவர், அதனால் நீயும் ஒருமுறை சொல். அன்றைக்கு எந்தப் பாட்டில் வேண்டுமோ அதை மட்டும் வெளியே எடுத்து வை. கையுறை இரண்டு ஜோடி கதவுக்குப் பின்னால் தொங்குகிறது.

ப்ளீச் வாங்கி வைத்தால் நாளாக ஆக வீரியம் குறையும். அதனால் வாங்கிய மாதத்தை மார்க்கரில் பாட்டில் மேல் எழுதி வைத்திருக்கிறேன். ஆறு மாதம் தாண்டியதைக் கூடுதலாக ஊற்றி ஈடுகட்டப் பார்க்காதே. சின்ன பாட்டிலாக வேறு வாங்கிக்கொள், பில்லை ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் கணக்கு நோட்டில் செருகி வை.