லண்டன் கடிகாரம் மாறும் ராத்திரியில் வேலை பார்க்கிறீர்களா? சம்பளச் சீட்டைப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் ஒரு அலுவலகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறேன். பெயர் வேண்டாம். இதே மாதிரி வேலைக்கு நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் போகிறார்கள், அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஷிப்ட் லண்டன் நேரப்படி மாலை 6 மணி முதல் அதிகாலை 3 வரை. 1 மணி நேர இடைவேளை போக 8 மணி நேர வேலை. கோடையில் அது நமக்கு இரவு 10:30 முதல் காலை 7:30. குளிர்காலத்தில் 11:30 முதல் 8:30. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், மார்ச் கடைசி ஞாயிறு முன்னால் தள்ளுவார்கள். இரண்டு முறையும் அது நடப்பது நம் நேரம் காலை 6:30க்கு. அதாவது சனி ராத்திரி வேலைக்கு வந்தவர்கள் இன்னும் சீட்டில் இருக்கும்போதே.

2025 அக்டோபர் 25 ராத்திரி 10:30க்கு உட்கார்ந்தோம். லண்டனில் 2 மணி ஆனதும் மறுபடி 1 மணி ஆனது. அங்கே 3 அடித்தபோது நமக்குக் காலை 8:30. ஆக 10 மணி நேரம் இருந்திருக்கிறோம், வேலை 9 மணி நேரம். சம்பளத்தில் அந்தக் கூடுதல் மணி வரவில்லை. கேட்டதற்கு டீம் லீடர், "ஏப்பா, 6லிருந்து 3 வரை 9 மணி நேரம்தானே, சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்றார். வருகைப் பதிவு மென்பொருள் `Europe/London` நேரத்தில் இருந்தது. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் வெறுமனே கழித்தால் இரண்டு முறை வந்த 1 மணி கணக்கில் விழாது. அது தப்பு என்பதற்கு அந்தப் பதிவிலேயே சாட்சி இருந்தது: எங்களில் ஒரு பெண் இடைவேளைக்கு 1:40க்குப் போய் 1:10க்குத் திரும்பியதாக இருந்தது. அவள் போனது நம் நேரம் 6:10, திரும்பியது 6:40.

சரி, சிஸ்டத்தின் குறை என்று விட்டிருப்போம். மார்ச்சில்தான் எண்ணம் தெரிந்தது. 2026 மார்ச் 28 ராத்திரி 11:30க்கு வந்தோம். காலை 6:30க்கு லண்டன் 1லிருந்து 2க்குத் தாவியது, 7:30க்கே அங்கே 3 ஆகிவிட்டது, நிர்வாகமே அனுப்பிவிட்டது. இந்த முறை கதவில் விரல் வைத்த நேரத்தை, நம் நேரத்தில் எடுத்தார்கள். இருந்தது 8 மணி நேரம், இடைவேளை போக 7, ஆகவே அரைநாள் சம்பளப் பிடித்தம்!

அக்டோபரில் லண்டன் கடிகாரம், மார்ச்சில் நம் கடிகாரம். எது அவர்களுக்கு லாபமோ அது. எனக்குக் கோபம் இதில்தான். உண்மையான மணிகளை எண்ணினால் இரண்டு ராத்திரியும் எண்ண வேண்டும். ஷிப்டுக்கு ஒரே சம்பளம் என்றால் மார்ச்சில் பிடிக்கக் கூடாது.

மாதம் 18,720 ரூபாய் வாங்குபவருக்கு 26 நாள் கணக்கில் நாளுக்கு 720, மணிக்கு 90. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், எனவே அக்டோபரில் வர வேண்டியது 180. மார்ச்சில் பிடித்தது 360. ஒரு ஆளுக்கு 540 ரூபாய். ஷிப்டில் எத்தனை பேர் என்று பெருக்கிப் பாருங்கள்.

எங்களுக்கு உதவியது வேன் டிரைவர் அண்ணாச்சியின் டிரிப் ஷீட். அக்டோபர் 26 காலை எங்களை ஏற்றிய நேரம் 8:40 என்று அதில் இருந்தது. அதன் படம், அந்த 1:40 - 1:10 பதிவு, இரண்டு மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, நான்கு நேரங்களையும் இந்திய நேரத்தில் எழுதி மின்னஞ்சலில் கேட்டோம். வாய்ப்பேச்சில் கேட்டபோது நகராதது அப்புறம்தான் நகர்ந்தது. பிடித்த அரைநாளைத் திருப்பிவிட்டார்கள். அக்டோபர் மணிக்கு இன்னும் பதில் இல்லை. தொழிலாளர் துறைக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம்.

அமெரிக்க வேலை பார்ப்பவர்கள் குழம்ப வேண்டாம். நியூயார்க் நவம்பரில் மாறுவது நம் ஞாயிறு காலை 11:30க்கு. அதனால் உங்கள் ராத்திரி ஷிப்ட் நீளாது, தொடங்கும் நேரம்தான் ஒரு மணி தள்ளிப் போகும். அந்த நேரத்தில் பகலில் சீட்டில் இருப்பவர்களுக்குத்தான் இந்தச் சிக்கல்.

பிரிட்டன் ஷிப்டுக்கு அடுத்தது 2026 அக்டோபர் 24, சனி ராத்திரி. பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால், எந்தக் கடிகாரப்படி மணி எண்ணுவார்கள், மார்ச்சிலும் அதே கடிகாரம்தானா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்று வரும்போதும் போகும்போதும் இந்திய நேரம் தெரியும்படி திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.