ஒரே இடைவெளியில் இரண்டு கருநிழல்: எது சொத்தை?

பல் மருத்துவப் பயிற்சியில் இருக்கும் ஒருவர் அண்மையில் ஒரு பைட்விங் படத்தை, அதாவது பல்லைக் கடித்தபடி எடுக்கும் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தார். கீழ்த்தாடை, இடப்பக்கம். முதல் கடைவாய்ப்பல்லின் முன்பக்க ஓரத்தில், கழுத்துப் பகுதியில், நல்ல கறுப்பாக ஒரு நிழல். அதைச் சொத்தை என்று குறித்திருந்தார். அதே இடைவெளியில், அதை ஒட்டிய முன்கடைவாய்ப்பல்லின் எனாமலில் மங்கலாக ஒரு சின்ன முக்கோணம் இருந்தது. அது அவர் கண்ணில் படவில்லை. உண்மையான சொத்தை அந்த முக்கோணம்தான்.

முதலில் இடத்தைப் பாருங்கள். பல்லும் பல்லும் தொடும் புள்ளிக்கும் ஈறு விளிம்புக்கும் நடுவில்தான் அழுக்குப் படலம் தங்கும். அதனால் ஆரம்பச் சொத்தை தொடுபுள்ளிக்குச் சற்றே ஈறுப்பக்கமாகத் தோன்றும். அதன் அகன்ற அடி பல்லின் வெளிப்பரப்பில் இருக்கும், முனை எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டினை நோக்கும். மற்ற நிழலோ எனாமல் முடியும் இடத்துக்கும் எலும்பு விளிம்புக்கும் நடுவில் கிடந்தது. மேலே எனாமல் கதிரைத் தடுக்கிறது, கீழே எலும்பு தடுக்கிறது. நடுவில் பல்லின் ஓரம் மெலிந்திருப்பதால் கதிர் எளிதில் ஊடுருவிவிடுகிறது. அங்கே தெரியும் கறுப்பு கழுத்துப்பகுதி எரிவு, அதாவது செர்விகல் பர்ன்அவுட். பல்லில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து விளிம்பு. பர்ன்அவுட்டில் நிழல் மெல்ல மெல்லக் கரையும், பல்லின் வெளிக்கோடு அறுபடாமல் ஓடும். வேர்ச்சொத்தையும் ஏறக்குறைய அதே இடத்தில் வரும் என்பதால் இங்கேதான் குழப்பம் அதிகம். அதில் வெளிக்கோடே தின்னப்பட்டு, கிண்ணம் போலக் குழிந்திருக்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறதா என்று வாயிலும் பார்த்துவிடுங்கள். கறுப்பின் அடர்த்தியை மட்டும் நம்பாதீர்கள், பர்ன்அவுட் பல நேரம் ஆரம்பச் சொத்தையைவிடக் கறுப்பாகவே விழும்.

சந்தேகம் தீரவில்லை என்றால், அதே பல்லை வேறு கோணத்தில் எடுத்த படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடுங்கள். எங்களிடம் வேர்நுனிப் படம் ஒன்று இருந்தது. அதில் கழுத்து நிழலைக் காணவே காணோம், முக்கோணம் அப்படியே இருந்தது. ஆனால் கோணம் பிசகி எனாமல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய படத்தில் சின்னச் சொத்தை அந்த வெள்ளைக்குள் மறைந்துவிடும். அந்தப் படத்தை வைத்து 'சொத்தை இல்லை' என்று எழுதக்கூடாது.

சரி, முக்கோணத்தை என்ன செய்வது? அதன் முனை எனாமலின் உள்பாதியை எட்டியிருந்தது, டென்டினைத் தொடவில்லை. படம் பெரும்பாலும் உண்மை ஆழத்தைக் குறைத்தே காட்டும் என்பதையும் கணக்கில் வைத்தோம். அதனால் இரப்பர் பிரிப்பான் ஒன்றை வைத்து, சில நாள் கழித்து இடைவெளியில் நேராகப் பார்த்தோம். பரப்பு வெள்ளையாக மங்கியிருந்தது, ஆனால் உடையவில்லை. துளையிடவில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, பல்லிடை நூல் பழக்கி, அடுத்த பைட்விங்கில் அந்த முனை நகர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடக் குறித்துவைத்தோம்.